ஒரு நட்சத்திரம் என்ன விலை?

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு மணி. ஸ்கார்பரோவில் ஒரு வீடு. வேலையால் வந்த களைப்பு. சமைக்க யாருக்கும் மனமில்லை. கைபேசியில் 'கொத்துரொட்டி' என்று தேடினால் பக்கத்திலேயே இரண்டு கடைகள் வருகின்றன. முதல் கடைக்கு 4.5 நட்சத்திரம், மதிப்பிட்டவர்கள் 60 பேர். இரண்டாவது கடைக்கு 4.2 நட்சத்திரம், மதிப்பிட்டவர்கள் 860 பேர். இரண்டும் நான் கணக்குப் பார்ப்பதற்காகக் கற்பனை செய்த கடைகள்தான். ஆனால் இந்தக் காட்சி ரொறொன்ரோவில் வாழும் எவருக்கும் பழக்கமானது. விரல் தானாகவே 4.5-இன் பக்கம் போகும். அந்த விரலை ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது.

அந்த விரல் எந்தப் பக்கம் போகிறது என்பதில் பெரிய பணம் இருக்கிறது. ஹார்வர்டில் மைக்கேல் லூக்கா என்ற பொருளியலாளர் 2011-இல் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் தளத்தில் அவற்றுக்குக் கிடைத்த நட்சத்திரங்களையும் ஒப்பிட்டார். தனியார் நடத்தும் சிறிய உணவகம் ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது. மாதம் 40,000 டொலருக்கு விற்கும் கடையென்றால் 2,000 முதல் 3,600 டொலர் வரை கூடுதலாகக் கல்லாவில் விழும். பெரிய சங்கிலி உணவகங்களுக்கு இந்த ஏற்றம் கிடைக்கவில்லை. அவற்றின் சாப்பாடு எப்படியிருக்கும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். பெயர் தெரியாத சின்னக் கடைக்குத்தான் நட்சத்திரம் முகவரியாகிறது. அதனால்தான் நட்சத்திரங்களை விற்பவர்களும் உருவானார்கள்.

பொய்யான மதிப்புரையை வாசித்தால் நமக்குத் தெரியாதா? தெரியாது என்பதை 2011-இல் ஒரு பரிசோதனை அழகாகக் காட்டியது. கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைல் ஒட்டும் அவருடைய குழுவினரும் சிக்காகோ நகரின் 20 ஹோட்டல்களை எடுத்துக்கொண்டார்கள். அங்கே போகாதவர்களிடம் ஒன்றுக்கு ஒரு டொலர் கொடுத்து 400 புகழுரைகளை எழுதி வாங்கினார்கள். உண்மையில் தங்கியவர்கள் எழுதிய 400 புகழுரைகளோடு அவற்றைக் கலந்தார்கள். அதில் ஒரு பகுதியை மூன்று மாணவர்களிடம் கொடுத்து, எது பொய் என்று கேட்டார்கள். அவர்களுடைய தீர்ப்பு நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிடச் சற்றே மேலாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் சொற்களை எண்ணிப் பார்க்கப் பழக்கிய ஒரு கணினி நிரல், பத்துக்கு ஒன்பதைச் சரியாகப் பிரித்தது!

அந்த நிரலுக்குத் தெரிந்தது என்ன? உண்மையில் அங்கே தங்கியவர்கள் இடத்தைப் பற்றி எழுதினார்கள். குளியலறை சின்னது, அறை எந்தப் பக்கம், வாடகை எவ்வளவு என்பவை அவர்கள் எழுத்தில் வந்தன. போகாதவர்களிடம் இடம் பற்றிய நினைவு இல்லை. அதனால் அவர்கள் தங்களைப் பற்றி எழுதினார்கள்: நான், என் கணவர், எங்கள் விடுமுறை. உடம்பு ஓர் இடத்தில் இருந்திருந்தால் அந்த இடத்தின் அளவும் இடைஞ்சலும் நினைவில் ஒட்டிக்கொள்ளும். கற்பனையால் மகிழ்ச்சியை எளிதாக உண்டாக்க முடியும். கதவுக்குப் பின்னால் இருந்த குளிர்காற்றை உண்டாக்க அதற்குத் தோன்றாது.

நம் கொத்துரொட்டிக் கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "குடும்பத்தோடு போனேன். அருமையான சாப்பாடு, அன்பான உபசரிப்பு, ஸ்கார்பரோவிலேயே சிறந்த கடை!" இந்த வரிகளில் கடையின் பெயரை மாற்றினால் பல் வைத்தியருக்கும் பொருந்தும். இன்னொன்று: "ஆட்டிறைச்சிக் கொத்து நல்லது, எலும்பு கொஞ்சம் கூட. வெள்ளி பின்னேரம் போனால் இருபது நிமிடம் நிற்கவேண்டும். வாகனம் நிறுத்தப் பின்பக்கம் போங்கள்." இதை எழுதியவருடைய கால் அந்த வரிசையில் நின்றிருக்கிறது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. 2013-இல் அர்ஜுன் முகர்ஜி, பிங் லியூ ஆகியோரின் குழு இதே சொல்லெண்ணும் முறையை யெல்ப் தளம் வடிகட்டி ஒதுக்கிய நிஜமான மதிப்புரைகள்மேல் பிரயோகித்தது. பத்துக்கு ஒன்பது என்றிருந்த வெற்றி, பத்துக்கு ஏழுக்கும் கீழே இறங்கியது. சந்தையில் பொய் எழுதுபவர்கள் உண்மையான எழுத்தின் சாயலை நன்றாகவே கற்றிருந்தார்கள். பிறகு அந்தக் குழு எழுத்தை விட்டு எழுதியவரின் நடத்தையைப் பார்த்தது. ஒரு நாளில் எத்தனை எழுதினார்? அவற்றில் எத்தனை புகழுரை? வெற்றி மறுபடியும் பத்துக்கு எட்டைத் தாண்டியது.

இந்தத் துறையின் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. சொல்லை உண்டாக்க ஒரு நிமிடம் போதும். நாட்களையும் ஊர்களையும் கொண்ட ஒரு தடத்தை உண்டாக்க மாதங்கள் வேண்டும். பொருளியலாளர்கள் போலி செய்வதற்குச் செலவு அதிகமான தடயத்தை 'செலவுள்ள சமிக்ஞை' என்பார்கள். ஒரு கடையின் பக்கத்தில் நம் கண்ணில் படும் ஒவ்வொன்றையும், இதைப் பொய்யாகச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று கேட்டுக்கொண்டே போனால், எதை எவ்வளவு நம்பலாம் என்பது தானாகவே வரிசைப்படும்.

முதலில் நட்சத்திரச் சராசரியை எடுப்போம். முதல் கடைக்கு உண்மையில் கிடைத்தவை 24 மதிப்பீடுகள், சராசரி 3.8 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 91 நட்சத்திரங்கள். இதோடு 36 போலி ஐந்துகளைச் சேர்த்தால் 180 கூடும். மொத்தம் 271, அதை 60-ஆல் வகுத்தால் 4.5. முப்பத்தாறு பொய்கள் போதுமாக இருந்தன. இரண்டாவது கடையும் 860 மதிப்பீடுகளோடு 3.8-இல் நின்றுகொண்டு 4.5-க்கு ஏற விரும்பியிருந்தால்? 1,200-க்கும் மேற்பட்ட போலி ஐந்துகள் வேண்டியிருந்திருக்கும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி சீனி தெரியும். கிணற்றில் அதே கரண்டி கரைந்தே போகும். சராசரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்த ஆட்தொகைதான் கிணற்றின் ஆழம்.

சராசரிக்குள்ளே இன்னொரு படம் ஒளிந்திருக்கிறது. கூகுள் வரைபடத்தில் மதிப்புரைப் பகுதியைத் திறந்தால் ஐந்து முதல் ஒன்று வரை மஞ்சள் பட்டைகள் தெரியும். மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் கோபப்பட்டவர்களும்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். ஆகவே ஐந்து நீளமாகவும், ஒன்று ஓரளவு நீளமாகவும் இருப்பது இயல்பே. நீங்கள் பார்க்கவேண்டியது நான்கை. "நல்லது, ஆனால் சொதி தண்ணீராக இருந்தது" என்று சொல்பவர் நான்கு கொடுப்பார். தன் கடையை உயர்த்தக் காசு கொடுப்பவர் ஐந்து வாங்குவார். எதிர்க்கடையை வீழ்த்தக் காசு கொடுப்பவர் ஒன்று வாங்குவார். நான்கை விலைக்கு வாங்குபவர் அரிது. ஐந்து மலையாக நிற்க, நான்கும் மூன்றும் வெறுமையாக இருந்தால் அந்த இடைவெளி ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஒரு கடையைப் பற்றி விரைவாக அறிய வேண்டுமா? மூன்றையும் நான்கையும் முதலில் வாசியுங்கள். அவற்றில்தான் சமையலின் உண்மையான சுவை எழுதப்பட்டிருக்கும்.

அடுத்தது காலம். மதிப்புரைகளைப் புதியவை முதலில் வரும்படி அடுக்கிக்கொண்டு, திகதிகளை மட்டும் விரலால் உருட்டிப் பாருங்கள். நம் முதல் கடை மூன்று ஆண்டுகளில் 24 மதிப்பீடுகள் பெற்றது. ஒன்றரை மாதத்துக்கு ஒன்று. பிறகு திடீரென்று ஒன்பது நாட்களில் 36. நாளுக்கு நான்கு. அதன்பின் மறுபடியும் அமைதி. ஆய்வாளர்கள் இதை 'வெடிப்பு' என்கிறார்கள். ஆண்டு முழுக்கத் தூறிக்கொண்டிருந்த வானம் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்ப்பதைப் போல. பொய்யை விற்பவர் ஒரு கட்டாக விற்கிறார். கட்டைச் சீக்கிரம் இறக்கிவிட்டால்தான் அவருக்குக் காசு. அந்த அவசரம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

உண்மையான வெடிப்புகளும் உண்டு. யாரோ ஒருவரின் காணொளியில் கடை வந்திருக்கலாம். தமிழர் தெருவிழா வார இறுதியில் கூட்டம் அலைமோதியிருக்கலாம். எப்படிப் பிரிப்பது? உண்மையான கூட்டம் ஒரே குரலில் பேசாது. அதில் ஐந்தும் இருக்கும், மூன்றும் இருக்கும், "இவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள்" என்ற சலிப்பும் இருக்கும். படங்கள் வெவ்வேறு கைபேசிகளில், வெவ்வேறு வெளிச்சத்தில், வெவ்வேறு மேசைகளில் எடுக்கப்பட்டிருக்கும். வாங்கிய வெடிப்பில் எல்லாமே ஐந்து, எல்லாமே இரண்டு வரி, சாப்பாட்டின் பெயர்கூட இருக்காது.

இனி எழுதியவரின் பெயரைத் தொடுங்கள். அவர் இதுவரை எழுதியவை பெரும்பாலும் வரிசையாக வரும். ஒரே வாரத்தில் கல்கரியில் கூரை வேய்பவர், மொன்றியலில் பல் வைத்தியர், ஸ்கார்பரோவில் கொத்துரொட்டி, வான்கூவரில் பூட்டுத் திறப்பவர், எல்லாருக்கும் ஐந்து. மனிதருக்கு ஒரு வயிறும் ஒரு வாயும்தான். ஐயாயிரம் கிலோமீற்றருக்கும் மேல் அகலமுள்ள நாட்டை ஒரு வாரத்தில் அவர் எப்படி உண்டு தீர்த்தார்? இன்னும் இரண்டு மூன்று பெயர்களைத் தொட்டுப் பாருங்கள். அவர்களும் அதே கூரைக்காரரையும் அதே பல் வைத்தியரையும் புகழ்ந்திருந்தால், தற்செயல் என்ற விளக்கம் உடைந்துவிடும். முன்பின் அறியாத இருவர் ஒரு கடையில் சந்திக்கலாம். மூன்று மாகாணங்களில் அதே ஐந்து கடைகளில் சந்திக்கமாட்டார்கள். பெரிய தளங்கள் போலிக் கூட்டங்களைப் பிடிக்க இந்த வலைப்பின்னலையும் பார்க்கின்றன.

கனடாவின் மிகப் புகழ்பெற்ற போலி மதிப்புரை வழக்கும் தடத்தில்தான் சிக்கியது. 2014 நவம்பரில் பெல் கனடா நிறுவனத்தின் கைபேசிச் செயலிக்கு ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளில் திடீரென்று ஐந்து நட்சத்திரங்கள் குவிந்தன. எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கொட் ஸ்ட்ராட்டன் என்ற சந்தைப்படுத்தல் எழுத்தாளர், எழுதியவர்களின் பெயர்களை லிங்க்ட்இன் தளத்தில் தேடிப் பார்த்தார். அவர்களில் பலர் பெல் நிறுவனத்தின் ஊழியர்கள்! கனடாவின் போட்டிச் சட்டத்தைக் கண்காணிக்கும் பணியகம் விசாரித்தது. தாங்கள் யாரென்று சொல்லாமல் நட்சத்திரம் போடும்படி ஊழியர்கள் ஊக்குவிக்கப்பட்டிருந்தார்கள். 2015 அக்டோபரில் பெல் 12.5 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டது. உணவகத்துக்கும் இதே சட்டம்தான். தன் மைத்துனர், சமையல்காரர், வாடிக்கையாளர் வேடமிட்ட நண்பர் ஆகியோரைக் கொண்டு எழுதிக்கொள்வது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகவே கொள்ளப்படும்.

தடமும் முழுமையான சான்றல்ல. வாழ்நாளில் ஒரே ஒரு மதிப்புரை எழுதிய அம்மம்மா பொய்யர் ஆகமாட்டார். இடியப்பம் அவ்வளவு பிடித்திருக்கலாம். சிலர் தங்கள் தடத்தை மற்றவர் பார்க்காதபடி மறைத்தும் வைக்கிறார்கள். ஆகவே ஒருவரை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒன்பது நாட்களில் வந்த முப்பத்தாறு பேரில் முப்பது பேரும் ஒரே ஒரு மதிப்புரை எழுதியவர்களாக இருந்தால்தான் கவனிக்கவேண்டும். யெல்ப் தளம் தான் சந்தேகப்பட்டவற்றை அழிப்பதில்லை. பக்கத்தின் அடியில் not currently recommended என்ற சாம்பல்நிற இணைப்புக்குள் வைத்திருக்கிறது. லூக்காவும் ஜோர்ஜியோஸ் செர்வாஸும் பொஸ்டன் உணவகங்களை ஆராய்ந்தபோது, மதிப்புரைகளில் 16 சதவீதம் அப்படி ஒதுக்கப்பட்டிருந்தன. மதிப்புரை குறைவான கடைகளும், அண்மையில் கெட்ட பெயர் வாங்கிய கடைகளும்தான் போலி ஐந்துகளை அதிகம் நாடின. ஒரே வகைச் சாப்பாட்டுக்கு அருகருகே போட்டி கூடினால் போலி ஒன்றுகள் கூடின. மார்க்கம் வீதியில் ஒரு கடைக்கு வந்த ஒற்றை நட்சத்திரங்களை வாசிக்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.

பொறுமையுள்ள பொய்யர் இதையெல்லாம் தாண்டமுடியுமா? முடியும் என்று லண்டனில் ஊபா பட்லர் காட்டினார். 2017-இல் தன் தோட்டத்துக் கொட்டகையை 'த ஷெட் அட் டல்விச்' என்ற உணவகமாக டிரிப்அட்வைசர் தளத்தில் பதிந்தார். அங்கே சாப்பாடு கிடையாது. நண்பர்கள் தத்தம் கணினிகளிலிருந்து, மாதக்கணக்கில், அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எழுதினார்கள். லண்டன் பட்டியலில் 18,149-ஆவது இடத்தில் தொடங்கிய அந்தக் கொட்டகை, நவம்பர் முதல் நாள் முதலிடத்தைப் பிடித்தது! திகதிகள் இயல்பாக இருந்தன, ஆட்களும் உண்மையானவர்கள். ஆனால் அந்த மதிப்புரைகளில் ஒன்றுக்குக்கூட ஒரு தட்டுச் சாப்பாடு ஈடாக இல்லை. அப்படியானால் அடுத்துத் தேடவேண்டியது பணமோ பொருளோ கைமாறியதற்கான அடையாளத்தை.

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் செயலிகளில் அது ஓரளவு கிடைக்கிறது. ஊபர் ஈட்ஸ் தனிச் செயலியாக முதலில் திறக்கப்பட்டது இந்த ரொறொன்ரோவில்தான், 2015 டிசம்பரில். இத்தகைய செயலிகளில் வாங்கியவர் மட்டுமே நட்சத்திரம் போடமுடியும். கடைக்காரர் தனக்குத்தானே ஐந்து போட நினைத்தால் தன் கடையில் தானே வாங்கவேண்டும். 20 டொலர் சாப்பாட்டில் செயலியின் தரகு 30 சதவீதம் வரை போகும். அதாவது 6 டொலர். அதற்குமேல் கொண்டுவரும் கூலியும் சேவைக் கட்டணமும். கூகுளில் மலிவாகக் கிடைத்த பொய், இங்கே ஒன்றுக்குப் பத்து டொலர்வரை கேட்கிறது. முப்பத்தாறு பொய்க்கு 360 டொலர்! அதனால் போலிகள் இங்கே குறைவு. ஆனால் ஒரு குறை உண்டு. ஆறிப்போன கொத்துக்கு விழுந்த இரண்டு நட்சத்திரம், சமையலுக்கானதா பனிக்குள் வழி தவறிய ஓட்டுநருக்கானதா என்பதை எண் சொல்லாது.

நட்சத்திரத்தை வாங்குவது கடினமானபோது தந்திரம் பெயருக்கு நகர்ந்தது. ஒரே சமையலறை, ஒரே அடுப்பு, செயலியில் மட்டும் நான்கு பெயர்கள். ஒரு பெயர் கெட்டால் அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பூண்டுகொள்ளலாம். புதிய பெயருக்குப் பழைய குறைகள் எவையும் வராது. இப்படிக் கடைமுகம் இல்லாமல் செயலியில் மட்டும் வாழ்பவற்றை 'மெய்நிகர் கடை' என்கிறார்கள். பல நேர்மையாகவே நடத்தப்படுகின்றன. ஆனால் ஒரே உணவுப்பட்டியலைப் பல பெயர்களில் போடுவது பெருகியதால், 2023-இல் ஊபர் ஈட்ஸ் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 5,000 பெயர்களை நீக்க முடிவுசெய்தது. கண்டுபிடிப்பது எளிது: பெயரைத் தொட்டு முகவரியைப் பாருங்கள். அந்த முகவரியைக் கூகுளில் இடுங்கள். அங்கே வேறு பெயர்ப்பலகையோடு ஒரு கடை இருந்தால், அந்தக் கடைக்கு வந்த பழைய மதிப்புரைகளே உங்களுக்கான மதிப்புரைகள்.

முகவரி கையில் கிடைத்ததும், ரொறொன்ரோவாசிகளுக்கு இன்னொரு கதவு திறக்கிறது. நகரப் பொதுச் சுகாதாரத் துறையின் 'டைன்சேஃப்' என்ற திட்டம் 2001 முதல் நடக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ரொறொன்ரோ ஸ்டார் நாளிதழ் உணவகச் சுத்தம் பற்றி வெளியிட்ட தொடர் கிளப்பிய அதிர்ச்சியில் பிறந்தது. கடையின் தன்மைக்கேற்ப ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று முறையாவது ஆய்வாளர் வருவார். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைப் பார்ப்பார். கை கழுவும் தொட்டியில் சவர்க்காரம் இருக்கிறதா என்று பார்ப்பார். வாசலில் பச்சைப் பலகை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் நிபந்தனையோடு தேறியது, சிவப்பு என்றால் மூடப்பட்டது. ஒவ்வொரு வருகையிலும் கண்ட குறைகள் சிறியவை, கணிசமானவை, கடுமையானவை என்று பிரிக்கப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. சமையலறைக்குள் ஒரு மனிதர் நேரில் நின்றதற்கான தடம் அது. லண்டன் கொட்டகையின் வாசலில் இப்படிப்பட்ட பலகை ஒருநாளும் தொங்கியிருக்க முடியாது. ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே மார்க்கத்துக்குப் போனால் அது யோர்க் வட்டாரம். அங்கே இதேபோன்ற பதிவுக்கு 'யோர்க்சேஃப்' என்று பெயர்.

பச்சைப் பலகை சுவையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. உறைப்பு எப்படி, ரொட்டி மெதுவா என்பதை மனிதர்கள்தான் சொல்லவேண்டும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சமையலறை சுத்தமா என்பதை ஆய்வாளரிடமும், கொத்து எப்படி என்பதை நான்கு நட்சத்திரக்காரரிடமும் கேளுங்கள்.

இப்போது மணி ஏழு ஐந்து. நிறுத்திவைத்த விரலுக்குத் திரும்புவோம். 4.5 கடையில் திகதிகளை உருட்டினோம்: ஒன்பது நாட்களில் முப்பத்தாறு, எல்லாம் ஐந்து, பெயர்களைத் தொட்டால் கல்கரிக் கூரைக்காரர். 4.2 கடையில் 860 பேர், வாரம்தோறும் இரண்டு மூன்றாகச் சொட்டியவர்கள். நான்கு நட்சத்திரக்காரர் ஒருவர் சொல்கிறார்: "கொத்து நல்லது. சொதியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், தாங்களாகப் போடமாட்டார்கள்." வாசலில் பச்சை. விரல் 4.2-ஐத் தொடுகிறது. குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு வரி: சொதி போடவும்.